கசந்த மரவள்ளி

ஒரகடம் ஆலையில் வேலை பார்க்கும் கேரளத் தம்பி ஒருவர், என் தோட்டத்து மரவள்ளியை நுனி கடித்துத் துப்பினார். “சார், கசக்குது. இதைச் சுட்டுச் சாப்பிடாதீங்க.” சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் ரகத்தின் குச்சியை விசாரிக்காமல் நட்டது என் தப்பு.

கிழங்கிலுள்ள லினமாரின், வெட்டும்போது கிழங்கின் நொதியோடு கலந்து சயனைடு வாயுவாகிறது. துருவி ஊறவைத்தால் அது பறந்துவிடும். பெரிய துண்டாக வேகவைத்தாலோ, சூட்டில் நொதி முதலில் செத்துவிடும். லினமாரின் உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் கேரளத்தில் தோலுரித்து, சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, லினமாரின் கரைந்திறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள்.

கடுங்கசப்புக் கிழங்குக்கு இதுவும் போதாது. என் கிழங்கை ஆலைக்கே அனுப்பினேன். அங்கே அரைத்து, மாவைத் தண்ணீரில் அலசி எடுப்பார்கள். தோலை ஆட்டுக்குப் போடவில்லை. விஷம் அதில்தான் அதிகம்.