பேப்பர் போடுவதற்கு முன் ஒரு கணக்கு

கிண்டியில் ஒரு தனியார் நிறுவனம், அதன் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்து 4 வருடம் 5 மாதம் ஆகிறது. அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபாய், நோட்டீஸ் காலம் மூன்று மாதம். புதிதாக வந்த மேலாளர் இரவு பத்து மணிக்குப் போனில் வேலை சொல்கிறார், காலையில் "நான் எப்போது சொன்னேன்?" என்கிறார். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டுகிறார். ஞாயிறு சாயங்காலம் ஆனாலே அந்தப் பெண்ணுக்கு வயிற்றைக் கலக்குகிறது. இருப்பதா, பேசிப் பார்ப்பதா, பேப்பர் போடுவதா?

முதலில் தெரிய வேண்டியது, கெட்டுப்போயிருப்பது மேலாளரா, அலுவலகமா என்பது. இதற்கு முன் இதே மாதிரி புகார் சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டு நிம்மதியாக இருக்கிறார் என்றால் பேசிப் பார்க்கலாம். ஆறே மாதத்தில் 'தானாக' விலகிவிட்டார், கத்தியவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்றால், கத்துவதுதான் அங்கே தகுதி. அதை ஒரு ஊழியர் பேசி மாற்ற முடியாது.

பேசுவது என்று முடிவானால் ஹெச்.ஆரிடம் போய் அழுவதில் பயனில்லை. ஹெச்.ஆர். நிர்வாகத்தின் ஆள், அவரிடம் எடுபடுவது தேதியும் நஷ்டமும்தான். மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன வேலைக்கு, "இன்று நீங்கள் சொன்னபடி இந்தப் பட்டியலை வியாழனுக்குள் முடிக்கிறேன்" என்று உடனே ஒரு மெயில் போட்டுவிட வேண்டும். ஒரு மாதம் இப்படிச் செய்தால் "நான் சொல்லவில்லை" என்பது தானே குறையும். குறையாவிட்டால், எந்தத் தேதியில் எந்த உத்தரவு மாறியது, அதனால் எந்த வேலை தாமதமானது என்று சொல்லக் கையில் ஆதாரம் இருக்கும். அலுவலகக் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைப்பது மட்டும் கூடாது. ரகசிய மீறல் என்று அதையே உங்கள் மேல் திருப்புவார்கள். சொந்த நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால் போதும்.

பாலியல் தொல்லை என்றால் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம்.

இனி பணம். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கிடைக்கப் பொதுவாக ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை. இந்தப் பெண்ணுக்கு அது 15,000. ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபாய். நான்கு வருடமும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஒத்துக்கொள்ளாமல் இழுத்தடிக்கும் நிறுவனங்கள் உண்டு. ஐந்தை முடித்துவிட்டால் வம்பில்லை.

அதற்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் காலத்தில் வேலை பார்ப்பதும் பணிதான். ஆகவே நான்கு மாதம் கழித்துப் பேப்பர் போட்டால் போதும். அந்த நான்கு மாதமும் வேறு வேலை தேடும் மாதங்கள். 75,000ஐ ஏழால் வகுத்தால், இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதற்கு மாதக் கூலி சுமார் 10,700 ரூபாய். வெளியே மாதம் 12,000 கூடுதலாகத் தரும் வேலை கையில் வந்துவிட்டால், கிராஜுவிட்டிக்காகக் காத்திருப்பது நஷ்டக் கணக்கு. வேலை எதுவும் கையில் இல்லை, வீட்டுக் கடன் தவணை ஓடுகிறது என்றால், அதே 75,000 பெரிய தொகை. எனக்குத் தெரிந்து பலர் இந்த வகுத்தலைப் போடாமலேயே வருடக்கணக்கில் 'கிராஜுவிட்டிக்காக' உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைத் தூக்கிப் போட வேண்டிய இடம் ஒன்று உண்டு. வராத சரக்குக்குப் பில் போடு, பழைய தேதி போட்டுக் கையெழுத்திடு என்று மேலாளர் சொன்னால் நான்கு நாள்கூட இருக்கக் கூடாது. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுவார், கையெழுத்து உங்களுடையது. தூக்கம் கெட்டு மாத்திரையில் ஓடும் நிலைமையும் அப்படித்தான். மருத்துவச் செலவை எழுதிக் கழித்துப் பார்த்தால் 10,700இல் மிஞ்சுவது சொற்பம்.

எப்படிப் போனாலும் சொல்லாமல் நின்றுவிடக் கூடாது. அடுத்த நிறுவனம் ரிலீவிங் லெட்டர் கேட்கும். ராஜினாமாவில் மனக்குறை வேண்டாம்; விலகுகிறேன், கடைசி நாள் இது என்ற இரண்டு வரி போதும். பெற்றுக்கொண்டோம் என்ற பதில் மெயிலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்களே அறைக்குக் கூப்பிட்டு "இப்போதே எழுதிக் கொடு" என்றால், வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடலாம். ராஜினாமாவை அன்றைக்கே எழுதித்தர எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.