டாலர் குறியை மறைத்து வளர்த்த மரங்கள்

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹியூலட்-பேக்கார்ட் ஆய்வகத்தில் 4,601 மின்னஞ்சல்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் குப்பையா நல்லதா என்று குறித்து வைத்தார்கள். 1,813 குப்பை. 'ஃப்ரீ', 'ரிமூவ்' போன்ற சொற்கள் எவ்வளவு வருகின்றன, வியப்புக்குறியும் டாலர் குறியும் எவ்வளவு, பெரிய எழுத்துகள் எவ்வளவு நீளத்துக்குத் தொடர்ந்து ஓடுகின்றன என்று ஒவ்வொரு அஞ்சலையும் 57 எண்களாகச் சுருக்கினார்கள். 'ஜார்ஜ்' என்ற பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. அஞ்சல்களைக் கொடுத்தவரின் பெயர் அது. பெயர் சொல்லி வரும் அஞ்சல் பெரும்பாலும் தெரிந்தவர்கள் எழுதியதாகவே இருக்கும்.

கணினிக்குப் பாடம் கற்பிக்கும் துறையில் பலரும் கை பழகிய தொகுப்பு இது. ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற முறையில் குலுக்கல் ஏன் உதவுகிறது என்பதை இதை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் ஒற்றை மரம். முடிவு மரம் என்பது அடுக்கடுக்கான கேள்விகள்தான். 3,065 அஞ்சல்களை மரத்திடம் கொடுத்து, 1,536ஐச் சோதனைக்காக ஒதுக்கி வைக்கிறோம். மரம் 57 அம்சங்களையும் எல்லா வெட்டுப்புள்ளிகளிலும் பிரித்துப் பார்த்து, குப்பையையும் நல்லதையும் எது நன்றாகப் பிரிக்கிறதோ அதை முதல் கேள்வியாக வைக்கிறது. இங்கே அது டாலர் குறி: எழுத்துகளில் 0.0555 சதவீதத்துக்கு மேல் டாலர் குறி இருக்கிறதா? ஆம் என்றால் ஒரு கிளை, இல்லை என்றால் இன்னொன்று. ஒவ்வொரு கிளையிலும் மறுபடி இதே தேடல். இப்படி வளர்ந்த மரம் சோதனை அஞ்சல்களில் ஏறக்குறைய 9 சதவீதத்தைத் தவறாகச் சொல்கிறது.

மரத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு: நிலையில்லாமை. பயிற்சி அஞ்சல்களில் சிலவற்றை மாற்றினால் மேலே ஒரு கேள்வி மாறும். அது மாறினால் கீழே உள்ள எல்லாமே மாறும். ஆழமாக வளர்க்க வளர்க்க இந்த ஊசலாட்டம் கூடும். ஆழத்தைக் குறைத்தாலோ நுட்பமான வேறுபாடுகள் கைவிட்டுப் போகும்.

பெர்க்லி பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் லியோ பிரைமன் 1996இல் இதற்கு ஒரு வழி சொன்னார். மரத்தை ஆழமாகவே வளரவிடுங்கள். ஆனால் ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் வளர்த்து வாக்கெடுப்பு நடத்துங்கள். ஒரே தரவிலிருந்து வெவ்வேறு மரங்கள் எப்படி வரும்? அதற்கு பிராட்லி எஃப்ரான் 1979இல் தந்த பூட்ஸ்ட்ராப் கைகொடுத்தது. 3,065 அஞ்சல்களும் சீட்டாக ஒரு பானையில் இருக்கின்றன. ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு, திரும்பப் பானையிலேயே போட்டுவிட்டு, மறுபடி எடுக்க வேண்டும். இப்படி 3,065 முறை. சில அஞ்சல்கள் இரண்டு மூன்று தடவை வரும்; சில வரவே வராது. கணக்குப் போட்டால், எந்த அஞ்சலும் விடுபட்டுப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 37 சதவீதம். ஆக ஒவ்வொரு மரமும் சுமார் 1,940 அஞ்சல்களைத்தான் பார்க்கிறது, அதுவும் வேறு வேறு 1,940. இதற்குப் பேகிங் என்று பெயர். பிழை 5.4 சதவீதமாக இறங்கியது.

இங்கேயே நிறுத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த மரங்களின் உச்சியைப் பாருங்கள். எப்படிக் குலுக்கினாலும் டாலர் குறியின் பலம் குறையாது. எனவே பெரும்பாலான மரங்கள் அதே கேள்வியில்தான் தொடங்கும், அடுத்தடுத்த கேள்விகளும் ஒத்துப்போகும். டாலர் குறி போட்டு ஒரு நல்ல அஞ்சல் வந்தால், எல்லா மரமும் ஒன்றாக ஏமாறும். ஒரே ஆளிடம் செய்தி கேட்டுவந்த பத்துப் பேரிடம் நாம் தனித்தனியாக விசாரிப்பது போலத்தான் இது. பத்து வாக்கு இருக்கும், தகவல் ஒன்றுதான்.

கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு மரத்தின் ஊசலாட்டம் 1 என்று வைத்துக்கொள்வோம். எந்த இரண்டு மரங்களுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.6. ஆயிரம் மரங்களைச் சேர்த்தாலும் சராசரியின் ஊசலாட்டம் 0.6க்குக் கீழே போகாது. மரத்துக்கு மரம் தனியாக உள்ள பிழைதான் எண்ணிக்கை கூடும்போது கரைகிறது. பொதுவாக உள்ள பிழை அப்படியே நிற்கும். ஒட்டுறவை 0.2க்குக் கொண்டுவர முடிந்தால், அதற்கு விலையாக ஒவ்வொரு மரத்தின் ஊசலாட்டமும் 1.2 ஆக ஏறினாலும், காட்டின் ஊசலாட்டம் 0.24தான். இந்தப் பேரத்தில்தான் விஷயமே இருக்கிறது: மரத்தைக் கொஞ்சம் கெடுத்துக் காட்டைத் திருத்துவது.

அம்சங்களைக் குலுக்கிக் கொடுக்கும் யோசனை பிரைமனுக்கு முன்பே இருந்தது. பெல் ஆய்வகத்தில் டின் காம் ஹோ 1990களில் ஒவ்வொரு மரத்துக்கும் அம்சங்களில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து வளர்த்தார். 2001இல் பிரைமன் குலுக்கலை மரத்துக்குள்ளேயே கொண்டுபோனார். ஒவ்வொரு கிளைப்பிரிவிலும் 57இல் 7 அம்சங்களைக் குலுக்கி எடு. அந்த ஏழில் சிறந்ததை மட்டும் கேள்வியாக்கு. அடுத்த பிரிவில் மறுபடி குலுக்கு. மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைச் சுற்றி எடுப்பது வகைப்படுத்தலில் வழக்கம், அதனால்தான் ஏழு. மரத்துக்கு ஒரு முறை குலுக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அப்படிச் செய்தால் டாலர் குறி கிடைக்காத மரம் கடைசிவரை அதைப் பார்க்காது. பிரைமனின் முறையில் மேலே கிடைக்காதது இரண்டு படி கீழே கிடைக்கலாம்.

உச்சியில் அந்த ஏழுக்குள் டாலர் குறி வரும் வாய்ப்பு 57இல் 7, அதாவது சுமார் 12 சதவீதம். நூறில் 88 மரங்கள் வேறு கேள்வியில்தான் தொடங்கியாக வேண்டும். ஒன்று 'ரிமூவ்' என்ற சொல்லில் தொடங்கும், இன்னொன்று பெரிய எழுத்துகளின் ஓட்டத்தில், வேறொன்று 'ஜார்ஜ்' என்ற பெயரில். பலசாலியின் நிழலில் வாய்ப்பே கிடைக்காமலிருந்த அம்சங்கள் பேசத் தொடங்குகின்றன. டாலர் குறி போட்ட நல்ல அஞ்சலை இப்போது சில மரங்களாவது காப்பாற்றும். பிழை 4.88 சதவீதம். பேகிங்கோடு ஒப்பிட்டால் 1,536 அஞ்சல்களில் எட்டுதான் மிச்சம். இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நான் யாரிடமும் வாதாட மாட்டேன். ஆனால் காரணம் புரிகிற முன்னேற்றம் இது.

குலுக்கலுக்கு எல்லை உண்டு. ஆயிரம் அம்சங்களில் மூன்றே மூன்று பயனுள்ளவை என்று வையுங்கள். வர்க்கமூல வழக்கப்படி 31ஐ எடுத்தால், அந்த மூன்றில் ஒன்றாவது உள்ளே வரும் வாய்ப்பு 9 சதவீதம்தான். பெரும்பாலான கேள்விகள் வெறும் இரைச்சலைக் கேட்கும். அப்போது குலுக்கும் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மறுபக்கம், பைத்தான் பயன்படுத்துவோர் கவனிக்க: சைகிட்-லேர்னின் `RandomForestRegressor` எதுவும் சொல்லாவிட்டால் எல்லா அம்சங்களையும் எடுத்துக்கொள்ளும். பெயர் ஃபாரஸ்ட், நடப்பது பேகிங். `max_features` என்பதை நீங்களே குறைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த எண் சரி என்று கண்டுபிடிக்க, விடுபட்ட அந்த 37 சதவீதமே போதும். ஓர் அஞ்சலைப் பார்க்காமல் வளர்ந்த மரங்களை மட்டும் கூட்டி அதற்கு வாக்கு வாங்கினால், தனிச் சோதனை இல்லாமலே பிழை தெரிந்துவிடும். குலுக்கும் எண்ணிக்கையை 3, 7, 15, 57 என்று மாற்றி இந்தப் பிழையை ஒப்பிடலாம். மரங்களின் எண்ணிக்கை பற்றிப் பெரிய கவலை வேண்டாம். சில நூறுக்குப் பிறகு கோடு தட்டையாகிவிடும், கூட்டுவதால் கெடாது.

ஆனால் இந்த இலவசச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஒரே விளம்பரம் ஐம்பது பேருக்குப் போய் ஐம்பது அஞ்சலாகத் தொகுப்பில் இருந்தால், ஒன்று விடுபட்டாலும் அதன் நகல்கள் பானையிலிருந்து வந்துவிடும். மரம் அதை ஏற்கெனவே பார்த்ததாகிவிடும். பிழை பொய்யாகக் குறைந்து தெரியும். நகல்களை முதலில் களைய வேண்டும், அல்லது கடைசி மாதத்து அஞ்சல்களை முழுவதுமாக ஒதுக்கி வைத்து அதில் அளக்க வேண்டும். இரண்டு எண்களும் வெகுதூரம் விலகி நின்றால், நம்ப வேண்டியது இரண்டாவதை.