66 டாலருக்கு லேசர் பிரின்டர்: கடை கொடுத்தாக வேண்டுமா?

1959 அக்டோபர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு கடையின் கண்ணாடி ஜன்னலில் கத்தி ஒன்று இருந்தது. பொத்தானை அழுத்தினால் அலகு வெளியே பாயும் ரகம். பக்கத்தில் 4 ஷில்லிங் என்று விலைச் சீட்டு. இந்த வகைக் கத்தியை விற்பதும், விற்க முன்வருவதும் குற்றம் என்று அந்த ஆண்டுதான் சட்டம் வந்திருந்தது. போலீஸ் வழக்குப் போட்டது, கடைக்காரர் தப்பித்துவிட்டார்.

‘ஃபிஷர் எதிர் பெல்’ என்ற அந்த வழக்கில் தலைமை நீதிபதி பார்க்கர் பிரபு ஒன்றை ஒப்புக்கொண்டார்: கத்தி விற்பனைக்கு வைக்கப்படவில்லை என்று சொன்னால் சாதாரண மக்களுக்கு அது அபத்தமாகவே படும். ஆனால், ஒப்பந்தச் சட்டத்தின்படி ஜன்னலில் பொருளை வைப்பது முன்மொழிவு ஆகாது. ‘வாருங்கள், பேசலாம்’ என்ற அழைப்பு மட்டுமே. நாடாளுமன்றம் பயன்படுத்திய ‘விற்க முன்வருவது’ என்ற சொல்லுக்கும் ஒப்பந்தச் சட்டத்தின் பொருள்தான் என்று தீர்ப்பு சொன்னது. 1961-ல் சட்டத்தைத் திருத்தி, விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பதையும் குற்றமாக்கினார்கள்.

இந்த வேறுபாடு எதற்கு? ஜன்னலில் இருப்பது முன்மொழிவு என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் உள்ளே வந்து “சரி, எடுத்துக்கிறேன்” என்றதும் ஒப்பந்தம் முடிந்துவிடும். கடையில் இருப்பது ஒரே உருப்படி, அடுத்தடுத்து இருபது பேர் அதையே சொன்னால், மீதிப் பத்தொன்பது பேரிடமும் கடைக்காரர் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிறார். அதனால் சட்டம் வரிசையைத் திருப்பிப் போடுகிறது. வாங்குகிறேன் என்று முன்மொழிபவர் வாடிக்கையாளர். ஏற்பதும் மறுப்பதும் கல்லாவில் இருப்பவர் உரிமை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 2-வது பிரிவு முன்மொழிவையும் ஏற்பையும் வரையறுக்கிறது. ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்பது 7-வது பிரிவு. “சரி, ஆனா ஐம்பது ரூபா குறைச்சுக்கோங்க” என்பது ஏற்பு அல்ல, எதிர் முன்மொழிவு.

விளம்பரத்துக்கும் பொதுவாக இதே விதிதான். ‘முதலில் வரும் பத்துப் பேருக்கு இந்த விலையில் நிச்சயம்’ என்பதுபோல, கட்டுப்படும் எண்ணம் வாசகத்திலேயே தெளிவாக இருந்தால் கதை வேறு. விளம்பரமே முன்மொழிவு ஆகிவிடலாம்.

இணையத்தில் சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது: அங்கே கல்லாவில் ஆளே இல்லை. 2003 ஜனவரியில் சிங்கப்பூரின் டிஜிலேண்ட்மால் நிறுவனத்தில், பயிற்சிக்காகத் தட்டிய எண்கள் தவறுதலாக இணையதளத்தில் ஏறிவிட்டன. 3,854 சிங்கப்பூர் டாலர் விலையுள்ள லேசர் பிரின்டருக்கு 66 டாலர் என்று விழுந்தது. செய்தி நள்ளிரவுக்குப் பிறகு நண்பர்களிடையே பரவியது. பின்னர் வழக்குத் தொடுத்த ஆறு பேர் மட்டுமே 1,606 பிரின்டர்களுக்கு ஆர்டர் போட்டிருந்தார்கள். ஒவ்வோர் ஆர்டருக்கும், கொள்முதல் உறுதியானது என்று தானியங்கி மின்னஞ்சல் போனது. காலையில் தவறைக் கண்டுபிடித்த நிறுவனம், பொருள் தர முடியாது என்றது.

நீதிபதி வி.கே.ராஜாவின் 2004 தீர்ப்பைப் படிப்படியாகப் பார்ப்பது நல்லது. இணையப் பக்கத்து விளம்பரம், கொள்கையளவில் பத்திரிகை விளம்பரத்தைப் போலத்தான். ஆகவே 66 டாலர் என்று திரையில் தெரிந்ததே நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. ஆர்டர் போட்டது வாடிக்கையாளரின் முன்மொழிவு. அப்படியானால் அதை ஏற்றது யார்? அந்தத் தானியங்கி மின்னஞ்சல்! அதில் இருப்பு நிலவரத்துக்கு ‘அழைத்து விசாரிக்கவும்’ என்றொரு குறிப்பு இருந்தது. அதைக் காட்டி, ஏற்பு இன்னும் முழுமையாகவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனாலும் ஆறு பேரும் தோற்றார்கள். விலை தவறு என்பது தெரிந்தேதான் அவர்கள் ஆர்டர் போட்டார்கள், அந்தத் தவறைத் தங்களுக்கு ஆதாயமாக்கப் பார்த்தார்கள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அதனால் ஒப்பந்தம் செல்லாது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. என் கணிப்பில், திரையில் 3,854-க்குப் பதில் 3,500 என்று விழுந்திருந்தால் நிறுவனத்துக்கு இந்தத் தப்பும் வழி சுலபமாகக் கிடைத்திருக்காது. அதைத் தள்ளுபடி என்று யாரும் நம்பியிருப்பார்கள்.

இந்த வகை ஆபத்துக்குத்தான் இன்று பல விற்பனைத் தளங்கள் நிபந்தனைகளிலேயே வேலி போட்டுவிடுகின்றன: ‘ஆர்டர் கிடைத்தது’ என்ற மின்னஞ்சல் ஏற்பு அல்ல, பொருளை அனுப்பிவிட்டோம் என்று தகவல் வரும்போதுதான் ஒப்பந்தம். அப்படி எழுதியிருந்தால், காசு பிடித்த பிறகும் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு வழி இருக்கிறது. அதற்காக, விளம்பரத்தில் எதையும் அள்ளிவிடலாம் என்று ஆகாது. ஒப்பந்தம் உருவாகாவிட்டாலும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தனியாகப் பதில் கேட்கும்.