எம்.சி. எடுத்தால் மண்டோரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்?

கோலா பிலா தோட்டமொன்றில் வேலை செய்யும் பெண்ணுக்கு அதிக உதிரப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் இரண்டு நாள் எம்.சி. கொடுக்கிறார். மண்டோரிடம் அதை எப்படிச் சொல்வது?

நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவு கேட்பவை இரண்டுதான்: மருத்துவரின் சான்றிதழ், விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல். தகவல் சொல்ல முயற்சிகூடச் செய்யாவிட்டால், எம்.சி. கையில் இருந்தாலும் அனுமதியின்றி வேலைக்கு வராததாகவே கருதப்படும்.

எனவே புலனத்தில் இவ்வளவு போதும்: “ஐயா, உடல்நலமில்லை. டாக்டர் இன்றும் நாளையும் எம்.சி. கொடுத்திருக்கிறார். புதன்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன்.”

இதை வேலைக் குழுவில் போடாமல் மண்டோருக்குத் தனியாக அனுப்புங்கள். அனுப்பிய நேரம் அதில் பதிவாகியிருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். சில எம்.சி. சீட்டுகளில் நோயின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் படம் அனுப்பாமல் அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம்.

கூடுதலாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. ஒரு வாரம் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால், காரணத்தை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், திரும்பிய அன்றே பழக்குலை தூக்கும் வேலை காத்திருக்கும்.