பேக்கேஜ் பில்லுக்குள் மருந்துக் கணக்கு

மருத்துவமனையின் மருந்தகத்திலிருந்து ஓர் ஊசிமருந்துக் குப்பி நோயாளிக்குப் போகும்போது மூன்று கணக்குகள் சேர்ந்தே அசைய வேண்டும். மருந்தகத்தின் இருப்பில் ஒன்று குறைய வேண்டும். நோயாளியின் பில்லில் ஒரு வரி ஏற வேண்டும். பேரேட்டில், அந்தக் குப்பியின் கொள்முதல் விலை சரக்கிருப்பிலிருந்து மருந்துச் செலவுக்கு மாற வேண்டும். இவற்றைத் தனித்தனியாக மூன்று பேர் மூன்று இடங்களில் எழுதிய காலத்தில் மாத முடிவில் எதுவும் எதோடும் ஒத்துப்போகாது. இன்றைய மென்பொருள்கள் ஒரே பதிவில் மூன்றையும் முடித்துவிடுகின்றன. ஆனால் அந்த ஒரு பதிவு விடுபட்டால் மூன்றும் சேர்ந்தே விடுபடும்.

விடுபடுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் பேக்கேஜ் சிகிச்சை. பித்தப்பை அறுவைக்கு இவ்வளவு, கண்புரைக்கு இவ்வளவு என்று அறை, அறுவை அரங்கு, மருத்துவர் கட்டணம், மருந்து எல்லாம் சேர்த்து ஒரே தொகை பேசப்படுகிறது. எத்தனை குப்பி போட்டாலும் பில் மாறாது என்பதால், அரங்கிலோ வார்டிலோ இருப்பவர்களுக்கு அதைக் கணினியில் ஏற்றும் அக்கறை குறைந்துவிடும். மருந்து அலமாரியை விட்டுப் போய்விடும். கணக்கில் மட்டும் அங்கேயே இருக்கும். பேக்கேஜ் நல்ல லாபம் தருவதுபோல அறிக்கை காட்டும். ஆண்டிறுதியில் எண்ணிப் பார்க்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும். அப்போது அது திருட்டா, உடைந்ததா, பதியாமல் விட்டதா என்று பிரித்தறிய வழியிருக்காது.

ஆகவே பேக்கேஜ் நோயாளிக்கும் ஒவ்வொரு மருந்தையும் பேட்ச் எண்ணோடு பதிவதே சரியான முறை. எடுத்துக்காட்டாக, 60,000 ரூபாய்க்குப் பேசிய பித்தப்பை அறுவை ஒன்றைப் பார்க்கலாம். அரங்குக்கு ஒரு நுண்ணுயிர்க்கொல்லி ஊசியில் 10 குப்பிகள் இண்டென்ட் போட்டு வாங்கப்படுகின்றன. கொள்முதல் விலை 110 ரூபாய், அச்சிட்ட விலை 180 ரூபாய். ஏழு பயன்பட்டன, மூன்று திரும்பின. திரும்பியவை அதே பேட்ச்சில், அதே காலாவதித் தேதியோடு இருப்பில் சேர வேண்டும். வேறு பேட்ச்சில் சேர்த்தால் மொத்த எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனால் கணக்கில் ஒரு பேட்ச் மிகையாகவும் இன்னொன்று குறையாகவும் நிற்கும். இருப்பு அறிக்கையில் ஏதாவது ஒரு பேட்ச் ‘மைனஸ்’ காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அதற்கு அடுத்த சந்தேகம், அட்டையாக வாங்கி மாத்திரையாகக் கொடுக்கும் மருந்துகளில் ‘ஓர் அட்டைக்கு எத்தனை’ என்ற எண் தவறாக ஏற்றப்பட்டிருப்பது.

இப்போது பில்லில் 1,260 ரூபாய் விற்பனை மதிப்பும், பேரேட்டில் 770 ரூபாய் செலவும் ஏறியிருக்கும். உள்நோயாளி சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அதனாலேயே, அங்கே பயன்படும் மருந்தை வாங்கும்போது கட்டிய வரியை மருத்துவமனை திரும்ப வரவு வைக்க முடியாது. அந்த வரி மருந்தின் அடக்கவிலையிலேயே சேர்ந்துவிடும். மேலே சொன்ன 110 ரூபாய் அதையும் உள்ளடக்கியதுதான். வெளிநோயாளிக்குக் கவுன்டரில் விற்கும் மருந்து வேறு வகை: அதற்கு வரி வசூலிக்கப்படும், கொள்முதல் வரிக்கு வரவும் கிடைக்கும். ஒரே கிடங்கிலிருந்து இரு பக்கமும் மருந்து போவதால், எது எந்தப் பக்கம் போனது என்ற பதிவில்லாமல் வரிக் கணக்கையும் சரியாகப் போட முடியாது.

எல்லாவற்றையும் வழக்கமான விலையில் கூட்டினால் நம் நோயாளியின் செலவு 66,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் மருந்து 14,000. பேசிய தொகை 60,000 என்பதால், 6,000 ரூபாய் ‘பேக்கேஜ் சரிக்கட்டல்’ என்று கழித்துக் காட்டப்படும். இந்தக் கழிவை எந்தத் துறையின் தலையில் போடுவது என்பதில் ஒவ்வொரு நிர்வாகமும் ஒவ்வொரு வழியில் போகிறது. முழுவதையும் மருந்தகத்தின் மேல் போட்டுவிட்டு மருந்தகம் நட்டத்தில் ஓடுகிறது என்று முடிவுகட்டுவது நியாயமல்ல. துறைகளின் வருவாய் விகிதத்தில் பிரிப்பது ஓரளவு நேர்மையானது.

அறுவைக்குப் பின் காய்ச்சல் வந்து இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தது. அது பேக்கேஜில் அடங்காது. அறைக்கு 6,000, மருந்துக்கு 4,000 சேர்த்துப் பில் 70,000 ஆகிறது. இறுதி ஒப்புதலுக்கு இது காப்பீட்டு நிறுவனத்துக்கோ அதன் சார்பில் செயல்படும் டி.பி.ஏ.வுக்கோ போகும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கூறியது. ஆனால் அந்தக் கடிகாரம் கோரிக்கை போன பிறகுதான் ஓடத் தொடங்கும். வார்டில் மிஞ்சிய மருந்து மருந்தகத்துக்குத் திரும்பிப் பதிவாகும்வரை இறுதிப் பில்லைப் போட முடியாது. “இன்ஷூரன்ஸ்காரர்கள்தான் தாமதம்” என்று சொல்லப்படும் காத்திருப்பில் ஒரு பகுதி இந்த மருந்துத் திருப்பலுக்கானது.

64,000 ரூபாய்க்கு ஒப்புதல் வருகிறது. மீதி 6,000 ரூபாயை நோயாளி கட்டிவிட்டுப் போகிறார். பேரேட்டில் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரவேண்டியதாக 64,000, ரொக்கமாக 6,000, எதிரே வருவாய் 70,000. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் போன்றவற்றில் பயனாளியிடம் பேக்கேஜுக்குப் பணம் வாங்குவதில்லை. அங்கே முழுத் தொகையுமே வரவேண்டியதாக நிற்கும்.

சில வாரங்கள் கழித்து வங்கியில் வந்து சேர்வது 54,000 ரூபாய். பத்தாயிரம் எங்கே? பணம் அனுப்பியதற்கான விவரக் கடிதத்தில் விடை இருக்கும். கிளைமில் 4,000 ரூபாயை நிறுவனம் தள்ளுபடி செய்து 60,000 மட்டும் ஏற்றிருக்கிறது. அதில் 10 சதவீதம், 6,000 ரூபாய், வருமான வரியாக டி.டி.எஸ். பிடித்திருக்கிறது. இரண்டும் பார்வைக்குக் குறைவுதான் என்றாலும் தன்மை வேறு. டி.டி.எஸ். மருத்துவமனையின் சொந்தப் பணம், வருமான வரித் துறையின் பதிவில் வந்திருக்கிறதா என்று பார்த்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். தள்ளுபடியோ உரிய காலத்தில் எதிர்த்துக் கேட்டு வாங்காவிட்டால் நட்டம். பத்தாயிரத்தையும் மொத்தமாக ‘கழிவு’ என்று எழுதித் தீர்ப்பவர் ஆறாயிரம் ரூபாய் வரி வரவைக் கைவிடுகிறார். மாறாக, எதையும் எழுதாமல் பத்தாயிரத்தை அப்படியே நிற்கவிட்டால், எவரும் தரப்போகாத பணம் ஆண்டுக்கணக்கில் சொத்தாகத் தெரியும்.

தள்ளுபடிக்கான காரணத்தையும் சேர்த்துப் பதிவது நல்லது. கூடுதல் மருந்துக்குரிய மருத்துவர் குறிப்பு இணைக்கப்படவில்லை என்பது காரணமானால், அந்த 4,000 ரூபாயை மீட்க மருந்தகப் பதிவுதான் சான்று: எந்த நாள், எந்த பேட்ச், யார் எழுதிய சீட்டு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இன்னொரு சிக்கல், பல நோயாளிகளுக்கான தொகை வங்கிக்கு ஒரே வரவாக, ஒரே யு.டி.ஆர். எண்ணில் வந்து விழுவது. அதை நோயாளிவாரியாகப் பிரிக்க நேரமில்லாமல் தற்காலிகக் கணக்கில் போட்டுவைப்பார்கள். பணம் வந்துவிட்டது, ஆனால் நிலுவைப் பட்டியலில் அந்தக் கிளைம்கள் 90 நாள் கடந்தவையாகவே நிற்கும். தீர்ந்துபோனதைத் துரத்துவதில் கணக்குப் பிரிவின் நேரம் போக, உண்மையான நிலுவை கவனிக்கப்படாமல் பழசாகும். மாத முடிவில் நோயாளிவாரி நிலுவையின் கூட்டுத்தொகை பேரேட்டிலுள்ள வரவேண்டிய தொகையோடு ஒத்துப்போக வேண்டும், தற்காலிகக் கணக்கு காலியாக இருக்க வேண்டும். மருந்தகத்தின் பேட்ச்வாரி மதிப்புக்கும் பேரேட்டின் சரக்கிருப்புக்கும் இதே ஒப்பீடு பொருந்தும். அங்கே வித்தியாசம் வந்தால் தேடலைப் பேக்கேஜ் நோயாளிகளின் இண்டென்ட்டுகளிலிருந்து தொடங்கலாம்.