கொம்பு இடம் மாறிய பொங்கல்

கைபேசியில் ஒருவர் பொங்கல் வாழ்த்து வீடியோ தயாரிக்கிறார். எடிட்டிங் செயலியின் எழுத்துப் பெட்டியில் ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்று அடிக்கும்வரை எல்லாம் சரி. ஆனால் அது வீடியோவின் மேல் ஏறியதும் ‘பொ’ சிதறிவிடுகிறது. ‘ப’ தனியே நிற்க, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கின்றன. இதே கதி ‘மேளம்’ என்ற சொல்லுக்கு நேர்ந்தால், அது ‘மளேம்’ என்று படிக்கும்படி ஆகிவிடும்.

பெட்டியில் சரி, படத்தில் தப்பு. இந்த முரண்பாடே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

‘பொங்கல்’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடு முறையில் கைபேசி சேமிப்பதோ ஏழு குறியீடுகள். ‘ப’ முதலில், ஒகரக் குறி அதற்கு அடுத்து. ஒலிக்கும் வரிசை அது. கொம்பை ‘ப’வுக்கு முன்னால் கொண்டுபோவதும், காலைப் பின்னால் வைப்பதும் எழுத்துக்கோப்பு மென்பொருளின் வேலை. ஆண்ட்ராய்டில் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். எழுத்துப் பெட்டியைக் கைபேசி வரைகிறது. அதனால் அங்கே பிழை வருவதில்லை. வீடியோவின் மேல் வரும் எழுத்தைச் சில செயலிகள் தாங்களே வரைகின்றன. அவை குறியீடுகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடுக்கிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும். நம் கொம்புக்குப் போதாது.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால் அது வேறு நோய். அந்த எழுத்துருவில் தமிழே இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைச் செயலியில் சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கொம்பு இடம் மாறும் செயலியில் எத்தனை யூனிகோடு எழுத்துருவை மாற்றினாலும் பயனில்லை. சோதிக்க ‘கொழுக்கட்டை’ என்று அடித்துப் பார்த்தால் போதும். ஒகரம், உகரம், புள்ளி, ஐகாரம் நான்கும் அந்த ஒரு பண்டத்தில் இருக்கின்றன.

கோப்பு மென்பொருள் இல்லாத செயலிக்குக் கைகொடுப்பது ஒரு பழைய சரக்கு: இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடமும் நெடுங்காலம் புழங்கிய பாமினி எழுத்துரு. இதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். தட்டச்சுப் பொறியில் அடிப்பது போலக் கொம்பை முதலில் அடித்து, பிறகு மெய், பிறகு கால். செயலி எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. யூனிகோடு வரியை ஒரு எழுத்துரு மாற்றியில் இட்டுப் பாமினிக்கு மாற்றினால் நமது வாழ்த்து இப்படி வரும்:

```
nghq;fy; tho;j;Jfs;
```

இதை நகலெடுத்துச் செயலியில் ஒட்டி, முன்பே சேர்த்து வைத்த பாமினி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்ததும் வாழ்த்து ஒழுங்காக எழுந்து நிற்கும். ‘n’ ஒற்றைக்கொம்பு, ‘g’ பகரம், ‘h’ கால், அரைப்புள்ளி நம் மெய்ப்புள்ளி.

பாமினியில் சிக்கல் இல்லாமலில்லை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதில் வேறு வேறு. ‘n’ என்பது ‘N’ ஆனால் ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகி, பொங்கல் ‘போங்கல்’ ஆகிவிடும். விருந்தாளியைப் போகச் சொல்வது போல! வரியின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் விசைப்பலகையில் திருத்தம் செய்யும்போது இது நடக்கும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் பொத்தானைத் தொடவே கூடாது. இடையில் ஆங்கிலப் பெயர் வந்தால் அதுவும் தமிழ் உளறலாக மாறும். அதைத் தனி எழுத்து அடுக்காக, வேறு எழுத்துருவில் வைக்க வேண்டும்.

தமிழைச் சரியாகக் காட்டும் செயலியும் சில சமயம் காலை வாரும். ஒவ்வொரு எழுத்தாக வந்து விழும் அசைவைத் தேர்ந்தெடுத்தால், அது குறியீடு குறியீடாக வெட்டக்கூடும். முதலில் வெறும் ‘ப’, பிறகு அனாதையாக ஒரு குறி. எழுத்து இடைவெளியைக் கூட்டினாலும் சில செயலிகளில் இதே சிதறல். சொல் சொல்லாக வரும் அசைவுக்கு மாற்றி, இடைவெளியைப் பூஜ்யத்தில் வைத்துப் பார்ப்பது முதல் வேலை. பாமினியிலும் எழுத்தசைவு ஆகாது. கொம்பு முதலில் வந்து மெய்க்காகக் காத்து நிற்கும்.

தலைப்பு ஒன்றிரண்டுதான் என்றால் இத்தனை பாடு வேண்டாம். தமிழை ஒழுங்காகக் காட்டும் வேறொரு படச் செயலியில் வாழ்த்தை எழுதி, பின்னணி இல்லாத PNG படமாகச் சேமித்து, வீடியோவின் மேல் படமாகவே அடுக்கலாம். படத்துக்குள் போன கொம்பை எந்தச் செயலியாலும் அசைக்க முடியாது. சிறிதாகச் சேமித்துப் பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் ஓரம் மங்கும் என்பதால், 1080 புள்ளி அகல வீடியோவுக்குப் படமும் அதே அகலத்தில் இருப்பது நல்லது. ஆனால் பத்து நிமிடப் பேச்சுக்கு வரிக்கு வரி இப்படிப் படம் செய்ய உட்கார்ந்தால் பொங்கல் முடிந்து கன்னிப் பொங்கலும் வந்துவிடும். அங்கே பாமினிதான் வழி, அல்லது கொழுக்கட்டைச் சோதனையில் தேறிய வேறு செயலி.