மூச்சு முறியும் இடம்

ஹந்தானை மலைச்சரிவில், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலாக ஏறிச்செல்லும் பாதையில் நடந்துகொண்டே எவரேனும் தாம் எழுதிய கட்டுரையை உரக்க வாசிப்பாராயின், வாக்கியங்கள் யாவும் அளவுக்கு மிஞ்சி நீண்டுவிட்டனவென்றே அவருக்குத் தோன்றும். அது எழுத்தின் குற்றமன்று, ஏற்றத்தின் குற்றம். ஆகையால், எழுதிய பிரதியை வாய்விட்டு வாசித்துத் திருத்த விரும்புவோர் முதலில் ஓரிடத்தில் அமர்ந்து, சுவாசம் சமநிலைக்கு வந்தபின் தொடங்குதல் வேண்டும். ஏனெனில் இந்தப் பரீட்சையில் நாம் அளவுகோலாகக் கொள்வது நம் மூச்சையே.

பேச்சுக்கும் மூச்சுக்கும் உள்ள சம்பந்தத்தை நம் இலக்கண நூலார் வெகுகாலத்துக்கு முன்பே கண்டனர். தொல்காப்பியத்துப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல், நா, இதழ் முதலிய உறுப்புகளால் எழுத்தொலியாக உருப்பெறும் முறையை விவரிக்கிறது. இக்கால உடலியல் சாஸ்திரம் இதற்கு அளவுகளைச் சேர்க்கிறது. சும்மா இருக்கும்போது ஒருவர் ஒரு தடவை உள்வாங்கும் காற்று ஏறக்குறைய 500 மில்லிலீற்றர். உள்ளிழுப்பதற்கும் வெளிவிடுவதற்கும் ஆகும் நேரத்தில் பெரிய பேதமில்லை. பேசத் தொடங்கியதும் இந்தக் கிரமம் மாறிவிடுகிறது. காற்றைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, அதனைச் சிறிது சிறிதாகப் பல விநாடிகள் வரை செலவிடுகிறோம். நிதானமாக வாசிப்பவருக்கு ஒரு மூச்சு நான்கைந்து விநாடி பிரயாசையின்றி வரும். அதற்குமேல் போனால் குரல் தாழ்ந்து, வேகம் கூடி, சொற்கள் ஒன்றையொன்று நெருக்கத் தொடங்கும்.

மௌனமாக வாசிக்கையில் இவை எவையும் நிகழ்வதில்லை. உள்ளத்துக்குள் ஒலிக்கும் குரலுக்கு நுரையீரல் கிடையாது. கண்ணோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கண்மருத்துவர் எமில் ழவாலும் அவர் காலத்தவரும் எடுத்துக்காட்டியபடி, வரியின்மீது சீராக ஊர்ந்து செல்லாமல், ஓரிடத்தில் கால் விநாடியளவு நின்று அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. தாவும்போது பழகிய சிறு சொற்களைத் தொடாமலே கடந்துவிடுகிறது. அதிலும் தாமே எழுதியதை வாசிப்பவர், என்ன எழுத நினைத்தோம் என்பதை முன்னரே அறிந்திருத்தலால், தாளில் இல்லாததையும் இருப்பதாகக் கண்டு மேலே போய்விடுவார்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தைப் பற்றிய ஒரு கட்டுரையின் முதற்பிரதியில் இப்படியொரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்:

"கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் உள்ள தோட்டங்களில் உள்ள தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் பயன்படுத்தப்பட்ட கொழுந்து உருட்டும் பழைய இயந்திரங்கள் வைக்கப்பட்டுள்ள, 1925ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது."

இலக்கணப் பிழை யாதுமில்லை; கண்ணால் வாசிப்பவருக்குப் பொருளும் விளங்கிவிடும். வாய்விட்டு வாசித்தாலோ, 'மலைகளில் உள்ள தோட்டங்களில் உள்ள' என்னுமிடத்தில் நா ஒரே தாளத்தில் தட்டத் தொடங்குகிறது. 'வைக்கப்பட்டுள்ள' என்ற சொல் முடியும்வரை உயிரொலிகளை எண்ணினால் 56 வரும். விநாடிக்கு ஐந்தாறு உயிரொலி என்பது நிதானமான வாசிப்பு எனக் கொண்டால், அதற்குப் பத்து விநாடி அளவில் தேவை. மூச்சு அதில் பாதியிலேயே, அதாவது 'தொழிற்சாலைகளில்' என்ற சொல்லை அண்டியே, தீர்ந்துபோகிறது. அங்கே நிறுத்தலாமென்றால் வாக்கியம் இடங்கொடுப்பதில்லை.

தமிழில் வாக்கியத்தின் நீளத்தைச் சொற்கணக்கால் அளப்பது பயனற்றதென்பது என் கருத்து. நமது பாஷையில் வினைமுற்று கடைசியில் நிற்பதால், நீண்ட வாக்கியம் இயல்பாகவே அமையும். 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் பிரசங்கம் செய்யத் தொடங்கிய ஆறுமுக நாவலர், வசன நூல்களில் நிறுத்தக்குறிகளைக் கருத்தோடு கையாண்டவர். அவருடைய வாக்கியங்கள் பல நீண்டிருந்தும் வாய்க்கு இசைவனவே. காரணம், மூச்சு எங்கே விழுகிறது என்பதே. 'செய்து', 'வந்து', 'கண்டபின்' என்பன போன்ற வினையெச்சங்களின் பின்னே சற்று நிற்கலாம். கேட்பவர் அடுத்த செயலை எதிர்பார்த்துக் காத்திருப்பார். 'செய்த', 'உள்ள', 'கட்டப்பட்ட' என்னும் பெயரெச்சமோ தான் தழுவும் பெயரைச் சென்று சேரும்வரை நிற்கவிடாது. பெயரெச்சத்துக்கும் அதன் பெயருக்கும் நடுவே நீங்கள் மூச்சு வாங்க நேரிட்டால், வாக்கியம் அவ்விடத்தில் பழுதுபட்டதென்று கொள்ளலாம். மேற்கண்ட உதாரணத்தில் ஒரு பெயரெச்சம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெயரே அடுத்த பெயரெச்சத்துக்குள் அகப்பட்டுக்கொள்வதால், கட்டடம் வந்து சேரும்வரை வாசிப்பவருக்கு விமோசனமில்லை.

திரும்பவரும் சொற்களின் விஷயமும் காதுக்குத்தான் வெளியாகும். 'உள்ள' என்பது தனித்தும் பிறவற்றோடு ஒட்டியும் இந்த ஒரு வாக்கியத்தில் ஐந்து முறை வருகிறது. '-ப்பட்ட' மூன்று முறை. 1974இல் அலன் பாட்லி, கிரஹாம் ஹிட்ச் என்னும் பிரித்தானிய உளவியலாளர் இருவர் வகுத்த நினைவுக் கொள்கையையொட்டிப் பின்னர் நடந்த ஆராய்ச்சிகளின்படி, கேட்ட ஒலி புதுப்பிக்கப்படாவிடில் ஏறத்தாழ இரண்டு விநாடி மட்டுமே உள்ளத்தில் தங்கும். முதல் 'உள்ள'வின் ஒலி மறையுமுன்னே அடுத்தது வந்து மோதுகிறது. பொருளைத் தேடிப் போகும் கண்ணுக்கு இத்தகைய சிறு சொல் ஒரு பொருட்டன்று.

வாசிக்கும்போதே திருத்தப் புகுவது தவறு, ஓட்டம் அறுந்துவிடும். பென்சிலால் மூச்சு முறிந்த இடத்தில் ஒரு கோடும், நா இடறிய இடத்தில் ஒரு புள்ளியும் இட்டுக்கொண்டு கடைசிவரை போய்விட்டு, பின்னர் திரும்பி வரவேண்டும். அப்படித் திரும்பி வந்து மாற்றியமைத்தால் நம் வாக்கியம் ஏறக்குறைய இவ்வாறு நிற்கும்:

"ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் 1925ஆம் ஆண்டில் எழுந்து, தொழில் நின்றபின் ஆளரவமின்றிக் கிடந்து, பிற்பாடு அருங்காட்சியகமாக மாறி, கண்டி மலைத்தோட்டங்களில் ஒரு காலத்தில் கொழுந்து உருட்டிய பழைய இயந்திரங்களுக்கு இருப்பிடமாயிற்று."

சொற்கள் அதிகம் குறைந்துவிடவில்லை. ஆயினும் 'எழுந்து', 'கிடந்து', 'மாறி' என மூன்று இளைப்பாறும் இடங்கள் கிடைத்தன. இரண்டாம் முறை வாசித்தால் கடைசிப் பகுதியில் குரல் இன்னும் சிறிது விரைகிறது. 'பழைய' என்றபின் 'ஒரு காலத்தில்' என்பதற்கு வேலையில்லை என்று காது சொல்லும். அதை நீக்கிவிட்டால் சரியாகிவிடுகிறது.

எழுதியவரே வாசிப்பதில் ஓர் ஆபத்துண்டு. எங்கே அழுத்தவேண்டும், எங்கே தாழ்த்தவேண்டும் என்பது அவருக்குத் தெரியுமாதலால், தளர்ந்த வாக்கியத்தையும் குரலின் சாமர்த்தியத்தால் தூக்கி நிறுத்திவிடுவார். மேடைப்பேச்சில் தேர்ந்தவர்களிடம் இந்தத் தோஷம் அதிகம். பிரதியைக் காணாத வேறொருவரை வாசிக்கச் சொல்லி, எழுதியவர் கையில் ஒரு நகலை வைத்துக்கொண்டு கேட்பதே உத்தமம். வாசிப்பவர் ஒரு சொல்லைத் தாண்டியபின் தயங்கித் திரும்பி வருகிறாராயின், கேட்பவர் உடனே விளக்கம் சொல்லாமல் அந்த இடத்தில் புள்ளி வைக்கவேண்டும். வாசிப்பவருடைய கண் குரலுக்கு ஓரிரு சொல் முன்னே போய்க்கொண்டிருக்கும். எதிர்பார்த்த அமைப்பு கிட்டாதபோதுதான் குரல் நின்றுவிடுகிறது. ஆகையால் தடுமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் குரல் நின்ற சொல்லுக்குச் சற்று அப்பால் இருக்கும்.

காதுக்கு எட்டாத பிழைகளும் உண்டு. 1925 என்பதற்குப் பதிலாக 1952 என்று எழுதியிருந்தால், ஒலிநயத்துக்கு யாதொரு பங்கமும் வராது. லகர, ளகர, ழகரங்களையும் ரகர, றகரங்களையும் ஒன்றுபோலவே உச்சரிப்பவர் வாசிக்குமிடத்து, 'கொழுந்து' என்பது 'கொளுந்து' என அச்சாகியிருந்தாலும் கேட்பவருக்குத் தெரியாது. அவற்றுக்காக அதே பிரதியை, மறுநாள், வாய் திறவாமல், சொல் சொல்லாக விரல் வைத்து இன்னொரு முறை பார்த்தே ஆகவேண்டும்.